முப்பத்தாறு பக்கெட் பால்மா

கேள்வி: கொழும்பில் சாமான் தட்டுப்பாடு வந்த நேரத்தில், விலையைக் கூட்டி விற்போமா என்று தடுமாறுகிற ஒரு கடைக்காரரைப் பற்றி யாராவது ஒரு சிறுகதை எழுதித் தருவீர்களா? அவர் மனசுக்குள் நடக்கும் வாதம் தெரிய வேண்டும்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சில்லறைக் கடையின் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வளர்ந்தவன். இப்போது அந்த மாதிரிச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அதனால் கதை கேட்டதும் எனக்கு 2021 ஒக்டோபரும் பால்மாவும் தான் ஞாபகத்துக்கு வந்தன. இதில் வரும் ஆட்கள் கற்பனை. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கொள்விலையும் நான் வைத்தது தான். கட்டுப்பாட்டு விலைகளும் அந்த மாதங்களின் நிலவரமும் உண்மை.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்கிறேன். பேராசைக்காரக் கடைக்காரரை நான் எழுதவில்லை. அப்படிப்பட்டவருக்கு வாதமே தேவையில்லை, கூட்டி விற்றுவிட்டுப் போய்விடுவார். வாதம் நடப்பது கொஞ்சம் நியாயம் பார்க்கிறவரிடம் தான். அவரிடம் ஆசை நேராக வராது, கணக்குப் போட்டுக்கொண்டு வரும். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

சரி, கதை.

*

2021 ஒக்டோபர் 5, செவ்வாய்க்கிழமை. கொரோனா ஊரடங்கு எடுத்து ஐந்தாவது நாள். செவ்வாய் என்றாலும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகும் கூட்டம் ஜம்பட்டா வீதியில் இல்லை. மாணிக்கம் கடையின் பலகைக் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, வெறும் தட்டுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது நாள் கடையை ஒழுங்காகத் திறக்கவில்லை. இரண்டு மாத வாடகை பாக்கி நின்றது.

பத்து மணிக்கு ஏஜென்சி வான் வந்தது. ரெப் தம்பி இறங்கும்போதே விரலைக் காட்டினான்.

"முதலாளி, முப்பத்தாறு பக்கெட் தான். நானூறு கிராம். பெரிய பக்கெட் இல்லவே இல்ல."

"போன மாசம் எழுபது கேட்டேனே தம்பி."

"நீங்க கேட்டீங்க. கப்பல்ல வரணுமே. இதோட பிஸ்கட் ரெண்டு பெட்டியும் எடுக்கணும், அப்பிடித்தான் சொல்லி அனுப்பியிருக்காங்க."

பிஸ்கட்டை யார் வாங்கப் போகிறார்கள் என்று மாணிக்கம் கேட்கவில்லை. கேட்டால் பால்மாவும் வானோடு போய்விடும். ஒரு பக்கெட் அவருக்கு 366 ரூபாய் விழுந்தது. பக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருந்த விலை 380. பதினான்கு ரூபாய் லாபம். முப்பத்தாறுக்கும் சேர்த்து 504 ரூபாய். பிஸ்கட் இரண்டு பெட்டியும் தேங்கி நின்றால் அதுவும் இல்லை.

வானில் ஏறும்போது ரெப் குனிந்து, குரலைத் தணித்துச் சொன்னான்: "அவசரப்பட்டு வித்துறாதீங்க முதலாளி. அடுத்த கிழமை விலை ஏறும்னு கதை. நூறு கூடுமாம்."

*

கதையை ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். அந்தத் தட்டுப்பாடு எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் மாணிக்கத்தின் தடுமாற்றம் விளங்காது.

இலங்கையில் வீடுகளில் தேத்தண்ணிக்குப் போடும் பால் பெரும்பாலும் மாவு தான். அதில் மிகப் பெரிய பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2021இல் டொலர் தட்டுப்பாட்டால் இறக்குமதிக்காரர்களுக்கு, சரக்குக்குப் பணம் கட்டுவோம் என்று வங்கி உறுதி தரும் கடன் கடிதத்தைத் திறப்பது பெரும்பாடாகிவிட்டது. உலகச் சந்தையிலும் பால்மா விலை ஏறியிருந்தது. உள்ளூரிலோ 400 கிராம் பக்கெட்டுக்கு 380, ஒரு கிலோவுக்கு 945 என்று விலை கட்டப்பட்டிருந்தது. இந்த விலைக்குக் கொண்டுவந்தால் நட்டம் என்று கம்பனிகள் இறக்குமதியைக் குறைத்துக்கொண்டன. ஆக, கடைக்கு வந்த பக்கெட்டில் 380 என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் அந்த விலைக்கு அடுத்த பக்கெட் வரப் போவதில்லை என்பது ரெப் முதல் சுமை தூக்குகிறவர் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாணிக்கத்தின் கையில் இருந்தது பழைய விலையின் கடைசிச் சரக்கு.

*

பதினொரு மணிக்கு ரவி வந்தான். நான்கு கடை தள்ளித் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவன். ஏஜென்சி வானைப் பார்த்திருக்கிறான்.

"மாணிக்கண்ணே, எத்தின வந்துச்சு?"

மாணிக்கம் பதில் சொல்லவில்லை.

"எத்தினயா இருந்தாலும் நான் எடுக்கிறேன். பக்கெட் ஐநூறு. இப்பவே காசு."

"ஐநூறா?"

"பால் தேத்தண்ணி இல்லன்னா என் கடையில ஆள் உக்கார மாட்டேங்கிறான் அண்ணே. ப்ளேன்டீயும் பணிஸும் வித்து நான் எப்பிடி ரெண்டு பொடியனுக்குச் சம்பளம் குடுக்கிறது? உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். யாருக்கும் தெரியவா போவுது?"

மாலை சொல்கிறேன் என்றார் மாணிக்கம். ரவி போனதும் பக்கெட்டுகளைக் கல்லாவுக்குக் கீழே, காலடியில் தள்ளி வைத்தார். அவை எங்கே இருந்தன என்பது பின்னால் முக்கியமாகும்.

ரவி சொன்ன கடைசி வார்த்தை உண்மை. அந்தச் செப்டெம்பரில் தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தி, கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்கும் தனி வியாபாரிக்குக் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் தண்டம் என்று ஆக்கியிருந்தார்கள். அதற்கு முன் அது ஆயிரம் ரூபாயில் தொடங்கியது. ஆனால் ரவி அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து முறைப்பாடு சொல்லப் போவதில்லை. விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் மனம் ஒத்த வியாபாரம் அது. வேண்டுமென்றே தான் ரவியைக் கதைக்குள் கொண்டுவந்தேன். சாதாரண வாடிக்கையாளரிடம் கூட்டி விற்பதாக இருந்தால், மாணிக்கம் தண்டத்துக்குப் பயந்தாரா நியாயத்துக்குப் பயந்தாரா என்று அவருக்கே தெரியாமல் போய்விடும். இங்கே பயம் கழன்றுவிட்டது. இனி அவரும் அவர் கணக்கும் தான்.

*

மதியம் கடையில் ஆள் இல்லை. மாணிக்கம் நாட்காட்டியில் முதல் நாள் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு எழுதினார்.

36 × 500 = 18,000
36 × 380 = 13,680

வித்தியாசம் 4,320. வாடகை பாக்கிக்கு அது போதாது. ஆனால் வீட்டுக்காரரின் கையில் எதையாவது வைத்தால் இன்னொரு கிழமை வாய் திறக்க மாட்டார்.

அதற்குக் கீழே இன்னொரு கணக்கு. ரெப் சொன்ன மாதிரி நூறு ரூபாய் ஏறினால் விலை 480. தனக்கு 462க்கு விழும் என்று வைத்துக்கொண்டார். இன்றைக்கு 380க்கு விற்றால் கையில் வருவது 13,680. அதைக் கொண்டு அடுத்த முறை எத்தனை பக்கெட் எடுக்கலாம்? வகுத்துப் பார்த்தார். இருபத்தொன்பது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். முப்பத்தாறு விற்று இருபத்தொன்பது வாங்குவது வியாபாரமா? லாபம் 504 ரூபாய் என்று நினைத்தோமே, அப்படியென்றால் இந்த ஏழு பக்கெட் எங்கே போனது? திருடனும் வரவில்லை, எலியும் வரவில்லை. விலை ஏறும் காலத்தில் பழைய விலைக்கு விற்றால், லாபம் என்று கல்லாவில் விழும் காசிலேயே கடையில் போட்ட முதல் கரைந்து போகிறது. அப்படி மூன்று தரம் விற்றால் பாதிக் கடை காலி. நான் நல்லவனாக இருந்து கடையை மூடிவிட்டால் இந்தத் தெருவுக்கு என்ன பிரயோசனம்?

இந்த வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கணக்கெழுதும் கடைகளில் மூன்று அந்தக் காலத்தில் இப்படித்தான் மெலிந்தன. லாபக் கணக்கு எழுதிக்கொண்டே மெலிந்தன. விலை ஏறும்போது திருப்பி வாங்கும் விலையைப் பார்த்து விற்க வேண்டும் என்பது பேராசை அல்ல, முதலைக் காப்பாற்றும் வழி. ரெப் சொன்னதும் பொய்யில்லை. அந்தக் கிழமைக் கடைசியில் பால்மாவின் விலைக்கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள், 400 கிராம் பக்கெட் 480 ஆனது. செவ்வாய் மதியம் மாணிக்கத்துக்கு அது தெரியாது, அவ்வளவு தான்.

அவருக்கு இன்னொரு காயமும் இருந்தது. சீனி.

செப்டெம்பர் தொடக்கத்தில் வெள்ளைச் சீனி கிலோ 122 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அதற்கு முந்திய கிழமைகளில் சீனி 200ஐத் தாண்டிப் போயிருந்தது. மாணிக்கம் கிலோ 205க்கு எடுத்த மூட்டையில் அன்றைக்கு இருபத்தைந்து கிலோ மிச்சம். 122க்குத் தான் விற்றார். கிலோவுக்கு 83 ரூபாய் கைநட்டம், மொத்தம் 2,075. அதை அவருக்கு யாரும் திருப்பித் தரவில்லை. அன்றைக்குச் சட்டம் நட்டத்தை என் தலையில் போட்டது. இன்றைக்கு லாபம் வரும்போது மட்டும் சட்டத்தை மதிக்க வேண்டுமா? ரவியின் ஐநூறு அந்த நட்டத்துக்கான ஈடு என்று வைத்துக்கொண்டால் என்ன?

அந்த 2,075ஐச் சரி பார்க்கத் தான் அவர் சரக்கு வாங்கிய பில் கட்டை எடுத்தார். செப்டெம்பரைத் தேடிப் புரட்டும்போது கை தவறி ஜூலையில் நின்றது. வெள்ளைச் சீனி, ஒரு மூட்டை, கிலோ 130.

அந்த மூட்டை அவருக்கு ஞாபகம் இருந்தது. ஓகஸ்டில் சீனி விலை கிடுகிடுவென்று ஏறியபோது அதில் இருபது கிலோ போல மிச்சமிருந்தது. 130க்கு வாங்கியதை அவர் 200க்கு விற்றார். அப்போது எல்லாக் கடையிலும் 200 தான். பழைய சரக்கு, பழைய விலைக்குத் தருகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. கிலோவுக்கு எழுபது, 1,400 ரூபாய். அதை எந்தத் தாளிலும் எழுதி வைக்கவில்லை. நட்டம் மட்டும் ரூபாய் சுத்தமாக மனசில் இருந்தது.

மாணிக்கம் பில் கட்டையும் நாட்காட்டித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விலை ஏறியபோது, என்ன விலைக்கு வாங்கினேன் என்பது கணக்கில்லை, இன்றைய விலை தான் கணக்கு என்றார். விலை இறங்கியபோது, இன்றைய விலை கணக்கில்லை, நான் வாங்கிய விலையைப் பாருங்கள் என்று குமுறினார். இரண்டும் நியாயமான கணக்கு. ஆனால் ஒருவர் இரண்டையும் வைத்துக்கொண்டு, அந்தந்த நேரத்துக்கு எது லாபமோ அதை எடுத்து நிறுத்தினால் கடையில் இரண்டு தராசு இருக்கிற மாதிரி. அவருடைய அப்பாவின் காலத்தில் அதற்குத் தான் தராசுக்காரன் வந்து முத்திரை பார்ப்பான்.

2,075இல் 1,400 போனால் இன்னும் 675 ரூபாய் நட்டம் தான். அதை அவர் மறக்கவில்லை. தாளின் ஓரத்தில் 675 என்று எழுதி ஒரு வட்டம் போட்டார். ஆனால் அதற்கு ஈடாக 4,320 கேட்க முடியாது என்பதும் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்தது.

*

மூன்று மணிக்கு மனைவி பவளம் சோற்றுக் கோப்பையோடு வந்தாள். கணக்கு முழுவதையும் கேட்டாள். அவள் கெட்டிக்காரி.

"ஐநூறுக்கு விக்க வேணாங்க. முன்னூத்தெண்பதுக்கே விப்போம். ஆனா ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கிறவங்களுக்கு மட்டும். பிஸ்கட்டும் போவும், பருப்பும் போவும். எல்லாக் கடையிலயும் அப்பிடித்தானே செய்யிறாங்க?"

அப்படித்தான் செய்தார்கள், நானே பார்த்தேன். பக்கெட்டில் உள்ள விலைக்குத் தானே விற்கிறோம் என்று மனசுக்கு ஆறுதலாகவும் இருக்கும். மாணிக்கத்துக்கும் முதலில் அது நல்ல வழியாகத் தான் பட்டது. அவருக்கே ஏஜென்சிக்காரன் காலையில் அப்படித்தானே செய்தான். அப்புறம் அந்தப் பிஸ்கட் பெட்டிகள் கண்ணில் பட்டன. காலையில் அவற்றை வாங்கும்போது நெஞ்சில் ஏதோ அடைத்தது. அதே அடைப்பை நாளைக்கு யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று யோசித்தார்.

சரசக்கா ஞாபகம் வந்தது.

சரசக்கா கோட்டையில் ஒரு கந்தோரில் கூட்டித் துடைக்கும் வேலை. ஊரடங்கில் வேலை இல்லை, இன்னும் கூப்பிடவில்லை. வீட்டில் மூன்று வயசுப் பேத்தி. ஆயிரம் ரூபாய்க்கு ஒரே தடவையில் சாமான் வாங்கி மாணிக்கம் அவளைப் பார்த்ததே இல்லை. கால் கிலோ சீனி, நூறு கிராம் பருப்பு, ஒரு முட்டை, இப்படித்தான். பவளம் சொன்ன வழியில் முதல் பக்கெட்டே அவளுக்குக் கிடைக்காது. ஆயிரம் ரூபாய்க்கு வாங்க முடிந்தவர்களுக்கு அது நட்டமே இல்லை, எப்படியும் வாங்கும் சாமான் தான். முடியாதவளுக்கு அது விலையேற்றத்தை விட மோசம். ஐநூறு என்றாலாவது எங்கேயாவது புரட்டிக் கொண்டுவருவாள்.

"அக்காவுக்கு மட்டும் சின்னப் பையில கட்டிக் குடுங்களேன், எப்பவும் மாதிரி," என்றாள் பவளம்.

எப்பவும் மாதிரி. பக்கெட் வாங்க முடியாதவர்களுக்கு அவர் பால்மாவைப் பிரித்து, ஐம்பது கிராம் பைகளாகக் கட்டி விற்பது வழக்கம். ஒரு பை 50 ரூபாய். ஒரு பக்கெட்டுக்கு எட்டுப் பை. எட்டு ஐம்பது நானூறு.

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

380 ரூபாய்ப் பக்கெட்டை இவ்வளவு நாளும் 400க்கு விற்றிருக்கிறார். தட்டுப்பாடு இல்லாத காலத்திலும். அதுவும் முழுப் பக்கெட் வாங்க வக்கில்லாதவர்களுக்கு மட்டும். பைக்காசு, கட்டுகிற கூலி என்று கேட்டால் சொல்லியிருப்பார். ஆனால் யாரும் கேட்டதில்லை. மெழுகுதிரியில் ஓரத்தை ஒட்டும் அந்தப் பை ஒன்று ஒரு ரூபாய் கூட இல்லை. இரண்டரை ரூபாய் ஒரு பைக்கு வித்தியாசம். சில்லறை இல்லாததால் 47.50ஐ 50 ஆக்கினோம் என்றும் சொல்லலாம். எதையும் சொல்லலாம்.

"என்னங்க, காரமா?" என்றாள் பவளம்.

"இல்ல," என்றார்.

இந்த இடத்தை எழுதும்போது நான் என் சொந்தக் கடையைத் தான் நினைத்தேன். கல்லாவில் உட்கார்ந்தவர்கள் யாருமே, தட்டுப்பாடு வந்த அன்றைக்குத் தான் முதன்முதலாகக் கூட்டி விற்க யோசித்தோம் என்று சொல்ல முடியாது. சின்ன அளவுகளில் அது எப்போதும் நடந்துகொண்டிருந்தது. ரவியின் ஐநூறு பெரிய எண்ணாக வந்ததால் தான் மாணிக்கத்துக்கு அது பிழையாகத் தெரிந்தது.

*

ஆறு மணிக்கு ரவி காசோடு வந்தான்.

"ரெண்டு பக்கெட் தாறேன். முன்னூத்தெண்பது. எல்லாருக்கும் வீட்டுக்கு ஒண்ணு, உனக்கு ரெண்டு."

"ரெண்டு பக்கெட்ட வச்சு நான் என்ன செய்யிறது அண்ணே? ஒரு நாள் கூட வராது."

"தெரியும்."

ரவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நான் ஒண்ணும் பதுக்கி வச்சு விக்கிறவன் இல்லண்ணே. நாள் கூலிக்காரன் தான் என் கடையில குடிக்கிறான்," என்றான். அதுவும் உண்மை. மாணிக்கத்திடம் அதற்குப் பதில் இல்லை. ரவி இரண்டு பக்கெட்டையும் வாங்காமலே போனான்.

*

புதன்கிழமை காலையில் மாணிக்கம் விற்கத் தொடங்கினார். பக்கெட்டுகள் கல்லாவுக்குக் கீழேயே இருந்தன. வெளியில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் தெருவே திரண்டுவிடும். கடன் கொப்பியில் பெயர் உள்ளவர்கள் வந்தால், மெதுவாகக் குனிந்து ஒரு பக்கெட்டை எடுத்துப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். 380. ஒரு வீட்டுக்கு ஒன்று. வாங்கியவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொள்ளாத குறை. மத்தியானம் ஆவதற்குள் இருபத்திரண்டு போய்விட்டது. மனசு லேசாக இருந்தது. நாட்காட்டித் தாளைக் கசக்கிப் போட்டார்.

மூன்று மணி இருக்கும். முன்பின் பார்த்திராத ஒரு பெண், இடுப்பில் பிள்ளை, கையில் குடை. கிராண்ட்பாஸ் பக்கமிருந்து கடை கடையாக ஏறி இறங்கி நடந்து வந்திருக்க வேண்டும். செருப்பும் கரண்டைக்காலும் ஒரே தூசி. பக்கத்து வீட்டு மரியதாஸ் அப்போது தான் பத்திரிகைத் தாள் சுற்றிய பொட்டலத்தோடு படி இறங்கினார்.

"முதலாளி, கிரிபிட்டி தியெனவாத?"

பால்மா இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டாள். மாணிக்கத்தின் முழங்கால் பெட்டியில் இடித்துக்கொண்டிருந்தது.

"இவராய்," என்றார். முடிந்துவிட்டது.

அவள் சண்டை போடவில்லை. படி இறங்கும் மரியதாஸின் கையைப் பார்த்தாள். மாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அடுத்த கடைப் பக்கம் நடந்தாள்.

அவள் பார்த்த பார்வையை விட, அந்தச் சொல் எவ்வளவு சுளுவாக வாயில் வந்தது என்பது தான் அவரைக் குடைந்தது. ஒரு ரூபாய் கூட்டி விற்கவில்லை. ஆனால் கொப்பியில் பெயர் இல்லாதவளுக்கு 380க்கும் இல்லை, ஐநூறுக்கும் இல்லை. ரவியாவது விலையைச் சொல்லிக் கேட்டான். நான் என் ஆட்களுக்கு என்று வைத்ததில் என்ன பிழை, அவர்கள் இருபது வருசமாக எனக்குச் சோறு போட்டவர்கள் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. நேற்று முழுக்கப் பேசிய குரல் தான் அதுவும். அதே மாதிரி தெளிவாக, அதே மாதிரி நியாயமாகப் பேசியது.

(கையில் சரக்கை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வதும், விற்க மறுப்பதும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம் தான். விலையைக் கூட்டுவதைப் பற்றித் தான் எல்லோரும் பேசுவார்கள். இதைப் பலர் குற்றமென்றே நினைப்பதில்லை. மாணிக்கமும் அதுவரை நினைத்ததில்லை.)

எழுந்து வெளியே வந்து பார்த்தார். வீதி வளைவில் குடையைக் காணவில்லை.

வியாழன் காலை கடை திறந்ததும் மிச்சமிருந்த பதினான்கு பக்கெட்டையும் எடுத்து முன் தட்டில், தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி அடுக்கினார். பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார்: பால்மா 380. ஒருவருக்கு ஒன்று. பவளம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கென்று ஒரு பக்கெட்டை மட்டும் எடுத்துப் பையில் வைத்தாள். அதை அவர் தடுக்கவில்லை.

வந்தவர்களில் பாதிப் பேரை அவருக்குத் தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாங்கிக்கொண்டு போன ஒருவன் பத்து நிமிடத்தில் தம்பியை அனுப்பினான். இருவரும் ஒரே வீடு என்று மாணிக்கத்துக்குச் சந்தேகம். கேட்கவில்லை, கொடுத்தார். ஒன்பது மணிக்குத் தட்டு காலி.

பத்து மணிக்குச் சரசக்கா வந்தாள். கந்தோரிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்களாம், திங்கட்கிழமையிலிருந்து வேலையாம். சிரித்துக்கொண்டே படி ஏறினாள். அட்டையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"பால்மா வந்துச்சுன்னு சொன்னாங்க. நேத்தே வந்திருப்பேன், காசு இல்ல."

"முடிஞ்சுட்டுதுக்கா," என்றார் மாணிக்கம். இந்தத் தடவை அது உண்மை.

சரசக்கா கொஞ்ச நேரம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானை முடிச்சில் மடித்து வைத்திருந்த காசை எடுத்தாள், நூறு நூறாக நான்கு தாள். திரும்பவும் முடிந்தாள்.

"எனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கலாமே தம்பி."

அவர் என்ன சொல்வது? கல்லாப்பெட்டிக்குக் கீழே கால் நீட்ட இடம் இருந்தது. அங்கே வெறும் சிமெந்துத் தரை.

"கால் கிலோ சீனியும் அம்பது கிராம் தேயிலையும் தாங்க," என்றாள். "ப்ளேன்டீயே குடிக்கட்டும்."

மாணிக்கம் நிறுத்துக் கட்டினார். கொப்பியை எடுக்கப் போனபோது அவள் கையை நீட்டித் தடுத்தாள். முந்தானையை மறுபடி அவிழ்த்து, அந்த நான்கு தாளில் ஒன்றை எடுத்துக் கல்லா மேல் வைத்தாள்.